கடல் வழியே போகும் கோடு: வானிலைப் படத்தை வாசிக்கும் முறை

மண்டைக்காட்டில் வானிலைப் படம் பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியாகத்தான் வந்து சேர்கிறது. யாரோ எடுத்த ஸ்கிரீன்ஷாட். மேலும் கீழும் வெட்டப்பட்டு, நடுவில் இந்தியாவின் தென்முனை மட்டும் தெரியும். கடலில் ஒரு கோடு, அதைச் சுற்றிப் பச்சையாக விரியும் ஒரு பட்டை, சுழல் போன்ற சிறு குறிகள், சில ஆங்கில எழுத்துகள். அதைப் பார்த்ததும் நம்மூரில் கேட்கும் முதல் கேள்வி, "புயல் எங்கன கரை ஏறுது?" என்பதுதான். கிழக்குக் கரையில் நாகப்பட்டினத்துக்கோ கடலூருக்கோ அந்தக் கேள்வி பொருந்தும். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு அது போதாது. இங்கே நம்மை அடித்த பெரும்புயல் நம் கரையில் எங்கும் ஏறாமல், கடலிலேயே நம்மைக் கடந்து போனது. 2017ஆம் ஆண்டின் ஓக்கியைத்தான் சொல்கிறேன். அந்தப் புயலின் நவம்பர் 30ஆம் தேதி நிலையை எடுத்துக்கொண்டு, இந்தப் படத்தை எந்த இடத்தில் தொடங்கி எப்படி வாசிப்பது என்று இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

முதலில் நேரம்

படத்தில் கோட்டைப் பார்க்கும் முன் நேரத்தைத் தேடுங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புயல் பாதைப் படத்தில் இரண்டு நேரங்கள் இருக்கும். ஒன்று, புயலின் மையம் படத்தில் குறித்த இடத்தில் இருந்ததாகக் கணிக்கப்பட்ட நேரம். மற்றொன்று, அறிக்கை வெளியிடப்பட்ட நேரம். இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம் கழிந்துவிடும். செயற்கைக்கோள் படம், கப்பல்களும் மிதவைகளும் தரும் தகவல், கரையோர நிலையங்களின் அளவீடுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, மையத்தைக் குறித்து, அறிக்கை எழுதி வெளியிட அவ்வளவு நேரம் பிடிக்கிறது. காலை எட்டரை மணி நிலவரம் உங்கள் கைபேசிக்கு நண்பகலை ஒட்டி வருவது சாதாரணம்.

படத்தின் கோட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் `30/0300` என்பதுபோல எழுதியிருப்பார்கள். சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது தேதி. பின்னால் இருப்பது நேரம், ஆனால் நம் நேரம் அன்று. அது `UTC` எனப்படும் உலகப் பொது நேரம். அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால்தான் இந்திய நேரம் கிடைக்கும். ஆகவே `30/0300` என்றால் 30ஆம் தேதி காலை 8.30. `30/1200` என்றால் அன்று மாலை 5.30. இங்கே ஒரு இடத்தில் மட்டும் மிகக் கவனம் வேண்டும். `30/2100` என்று இருந்தால், ஐந்தரையைக் கூட்டும்போது தேதியே மாறிவிடுகிறது. அது அடுத்த நாள் அதிகாலை 2.30. இதைத் தவறவிட்டு, 30ஆம் தேதி இரவு ஒன்பது மணி என்று படித்தால் ஐந்தரை மணி நேரம் தவறிப்போகும். அதிகாலையில் வள்ளம் இறக்குகிறவருக்கு அந்த ஐந்தரை மணி நேரம் மிகப் பெரிது.

வெட்டப்பட்ட ஸ்கிரீன்ஷாட்டில் வெளியீட்டு நேரம் இருக்காது. படத்தின் மேல்பட்டையில் இருக்கும் தேதியும், கீழே இருக்கும் விளக்கக் கட்டமும்தான் பெரும்பாலும் வெட்டுப்படுகின்றன. அவை இல்லாத படத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அது மூன்று நாள் பழையதாக இருக்கலாம். சில வேளை மூன்று வருடம் பழைய புயலின் படமாகவும் இருக்கும். அப்படி ஒன்று வந்தால் அனுப்பியவரிடம் முழுப் படத்தைக் கேளுங்கள். அல்லது வானிலைத் துறையின் `mausam.imd.gov.in` தளத்தில் நீங்களே பாருங்கள்.

நம் ஊர் எங்கே இருக்கிறது

அடுத்து, படத்தில் உங்களை நீங்களே வைத்துப் பார்க்க வேண்டும். இந்தப் படங்களில் மண்டைக்காடு இருக்காது, குளச்சலும் இருக்காது. கன்னியாகுமரியும் திருவனந்தபுரமும் இருக்கும். ஆனால் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் அட்சரேகை, தீர்க்கரேகைக் கோடுகள் உண்டு. மண்டைக்காடு ஏறத்தாழ வடக்கு 8.16 பாகை, கிழக்கு 77.28 பாகையில் இருக்கிறது. இதை ஒரு முறை எழுதி வைத்துக்கொண்டால் வாழ்நாள் முழுவதும் போதும். நம்முடைய தென்கோடியில், வடக்கு தெற்காக ஒரு பாகை என்பது 111 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக ஒரு பாகை என்பது 110 கிலோமீட்டர். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் கணக்கு எளிது.

இப்போது ஓக்கிக்கு வருவோம். 2017 நவம்பர் 30 காலை 8.30 மணி நிலவரப்படி புயலின் மையம் குமரிக்கடலில், வடக்கு 7.5 பாகை, கிழக்கு 77.5 பாகைக்கு அருகே, கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருந்தது. மேற்கு வடமேற்காக லட்சத்தீவை நோக்கி நகர்ந்து மேலும் வலுப்பெறும் என்று சொல்லப்பட்டது.

மண்டைக்காட்டிலிருந்து இதை அளந்து பார்க்கலாம். வடக்கு தெற்கு வேறுபாடு 0.66 பாகை, அதாவது 73 கிலோமீட்டர். கிழக்கு மேற்கு வேறுபாடு 0.22 பாகை, அதாவது 24 கிலோமீட்டர். இரண்டையும் செங்கோணமாக வைத்துப் பார்த்தால் நேர்தூரம் 77 கிலோமீட்டர் வரும். அந்தக் கணக்குப் பழக்கமில்லாதவர் படத்தில் ஒரு நூலை வைத்துப் பார்த்தாலும் இதே விடைக்குப் பக்கத்தில் வந்துவிடலாம்.

இத்தோடு நிறுத்தினால் 77 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்ற நினைப்பு வரும். ஆனால் அது காலை எட்டரை மணி நிலவரம். படம் உங்கள் கைக்கு வரும்போது மணி பன்னிரண்டு என்று வைத்துக்கொள்வோம். மூன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. புயல் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நகர்வதாகக் கணக்குக்கு வைத்தால், அது ஏற்கெனவே 50 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும். எந்தத் திசையில்? மேற்கு வடமேற்கில். கன்னியாகுமரியிலிருந்து மண்டைக்காடு இருக்கும் திசையும் அதுவேதான். நம் கரை கன்னியாகுமரியிலிருந்து நீரோடி வரை வடமேற்காகச் சாய்ந்து போகிறது. புயலும் கரைக்கு ஏறத்தாழ இணையாக, மெல்ல நெருங்கியபடி போகிறது. அந்தக் கணக்கில், நீங்கள் படத்தைப் பார்க்கும் நண்பகலில் மையம் மண்டைக்காட்டுக்கு நேர் தெற்கைத் தாண்டி, 60 கிலோமீட்டருக்கும் உள்ளே வந்திருக்கும். படத்தில் கன்னியாகுமரிக்குத் தெற்கே நிற்பதுபோலத் தெரியும் குறி, உண்மையில் உங்கள் வாசலுக்கு எதிரே வந்துவிட்டது.

"லெட்சத்தீவுக்குல்லா போவுது, நமக்கென்ன மக்கா?" என்ற பேச்சு இப்படித்தான் பிறக்கிறது. அம்புக்குறி எங்கே முடிகிறது என்று பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அது எந்த வழியாகப் போகிறது, நமக்கு மிக அருகில் எந்த நேரத்தில் வருகிறது என்பதே நாம் பார்க்க வேண்டியது. ஓக்கி குமரி மாவட்டத்தில் கரை கடக்கவே இல்லை. ஆனாலும் மரங்களும் மின்கம்பங்களும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன, வாழையும் ரப்பரும் முறிந்தன, பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமில்லாமல் கிடந்தன. மேற்குத்தொடர்ச்சி மலையின் மறுபக்கம், பாபநாசத்தில், டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டர் மழை பதிவானது. கோடு நம் கரையைத் தொடவில்லை என்பதற்கும் கரைக்கு ஆபத்தில்லை என்பதற்கும் தொடர்பில்லை.

குறிகளும் எழுத்துகளும்

கோட்டின் ஒரு பகுதி புயல் வந்த வழி. இன்னொரு பகுதி இனிப் போகும் என்று கணிக்கப்பட்ட வழி. படத்தின் ஓரத்தில் `OBSERVED TRACK`, `FORECAST TRACK` என்று நிறத்தோடு குறித்திருப்பார்கள். கோட்டின் மீதிருக்கும் குறி காற்றின் வேகத்தைக் காட்டுகிறது. வெறும் கரும்புள்ளி என்றால் 34 நாட்டுக்குக் குறைவு. உள்ளே நிரப்பப்படாத சுழல் என்றால் 34 முதல் 47 நாட். முழுக்க நிரப்பப்பட்ட சுழல் என்றால் 48 நாட்டும் அதற்கு மேலும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். அவசரத்துக்கு இரண்டால் பெருக்கி, அதிலிருந்து பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் ஏறக்குறைய சரியாக வரும்.

எழுத்துகளில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை சிலதான். `L` என்றால் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. `D` என்றால் தாழ்வு மண்டலம். காற்று மணிக்கு 31 முதல் 50 கிலோமீட்டர். `DD` என்றால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 51 முதல் 61 வரை. `CS` என்றால் புயல். 62 முதல் 88 வரை. பெயர் சூட்டுவது இந்தக் கட்டத்தில்தான். அதற்கு மேல் `SCS` தீவிரப் புயல், `VSCS` மிகத் தீவிரப் புயல்.

கடலுக்குப் போகும் குடும்பங்கள் இதில் ஒன்றை மனத்தில் பதிய வைக்க வேண்டும். இந்தப் பெயர்கள் ஒரு சுழற்சியின் வலிமையை வகைப்படுத்துகின்றன. வள்ளத்துக்கு எது ஆபத்து என்பதை அவை சொல்வதில்லை. மணிக்கு 45 கிலோமீட்டர் காற்று கரையில் தென்னையைச் சாய்க்காது. அதே காற்று திறந்த கடலில் மணிக்கணக்கில் அடித்தால், எழும் அலையில் வெளிப்பொருத்து இயந்திரம் கட்டிய வள்ளம் தாங்காது. அதாவது `D` என்ற எழுத்து வந்தவுடனேயே வள்ளத்துக்கு ஆபத்து தொடங்கிவிடுகிறது. "இன்னும் புயலா ஆகலியே" என்று காத்திருப்பது கரையில் இருப்பவர் கணக்கு.

ஓக்கியில் அந்த எழுத்துகள் எவ்வளவு வேகமாக மாறின என்று பாருங்கள். நவம்பர் 28ஆம் தேதி முற்பகலில் அது இலங்கைக்குத் தெற்கே ஒரு தாழ்வுப் பகுதி. 29ஆம் தேதி காலை எட்டரைக்கு இலங்கையின் தென்கிழக்கே தாழ்வு மண்டலம். இலங்கையைக் கடந்து, 30ஆம் தேதி அதிகாலையில் குமரிக்கடலில் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். அன்று காலை எட்டரைக்குப் புயல். `D` என்ற எழுத்து `CS` ஆக ஒரே நாள்தான் பிடித்தது. வங்கக் கடலின் நடுவே உருவாகும் புயல் கரைக்கு வர மூன்று நான்கு நாள் எடுக்கும். படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், நாமும் தயாராகலாம். இலங்கையை ஒட்டி உருவாகி நம் பக்கம் வரும் சுழற்சிக்கு அந்த இடைவெளி கிடையாது. எனவே இலங்கைக்குத் தெற்கிலோ தென்கிழக்கிலோ `D` என்று ஒரு புள்ளி தெரிந்து, கோடு குமரிக்கடலை நோக்கி வளைந்தால், நம்மைப் பொறுத்தவரை எச்சரிக்கை அப்போதே வந்துவிட்டது.

பச்சைப் பட்டை

கோட்டைச் சுற்றி, தொடக்கத்தில் ஒடுங்கியும் போகப் போக அகன்றும் தெரியும் பட்டைக்குப் படத்தில் `CONE OF UNCERTAINTY` என்று பெயர். இதைத்தான் மக்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பட்டைக்குள் இருக்கும் இடமெல்லாம் புயல் வீசும், வெளியே இருந்தால் தப்பித்தோம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அந்தப் பட்டை புயலின் அகலத்தைக் காட்டவே இல்லை. மையப்புள்ளி எந்தெந்த இடம் வரை விலகிப் போகலாம் என்பதை மட்டும் காட்டுகிறது. முந்தைய ஆண்டுகளில் கணிப்பு சராசரியாக எவ்வளவு பிசகியது என்று பார்த்து, அந்த அளவை வைத்து இதை வரைகிறார்கள். நாளைய கணிப்பில் பிசகு குறைவு, மூன்றாம் நாள் கணிப்பில் அதிகம். பட்டை அகன்றுகொண்டே போவதற்குக் காரணம் இதுதான். அது அகலுவதால் புயல் பெரிதாகிறது என்று பொருளில்லை.

இதனால் இரண்டு விளைவுகள். சராசரிப் பிசகை வைத்து வரைந்த பட்டை என்பதால், மையம் அதற்கு வெளியே போகவும் வாய்ப்புண்டு. அடுத்தது, மையம் பட்டையின் நடுவிலேயே போனாலும், காற்றும் மழையும் அலையும் பட்டைக்கு வெளியே வெகுதூரம் பரவியிருக்கும். காற்று எதுவரை வீசும் என்று தெரிய வேண்டுமானால் வேறொரு படத்தைப் பார்க்க வேண்டும். அதில் மையத்தைச் சுற்றி நான்கு கால்பகுதிகளாக நிற வளையங்கள் இருக்கும். 28, 34, 50, 64 நாட் காற்று எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் எட்டும் என்று அவை காட்டும். வாட்ஸ்அப்பில் அந்தப் படம் அரிதாகவே வரும். எல்லோரும் பட்டைப் படத்தையே அனுப்புகிறார்கள், அது பார்க்க எளிதாக இருப்பதால்.

எந்த மஞ்சள், எந்தச் சிவப்பு

வானிலைப் படங்களில் ஒரே நிறம் வெவ்வேறு பொருளில் வருகிறது. இது தெரியாமல் நிறத்தை மட்டும் பார்த்தால் வீணாகப் பயப்படுவோம் அல்லது வீணாகத் தைரியமாக இருப்போம்.

செய்தித்தாளில் "குமரிக்கு ஆரஞ்சு அலர்ட்" என்று வருவது மாவட்ட எச்சரிக்கைப் படம். பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு. ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் உடனே செயல்படு. இது நிலத்துக்கான படம். மாவட்டம் முழுவதற்கும் ஒரே நிறம்தான் பூசுவார்கள். பேச்சிப்பாறை, பாலமோர் மலைப்பகுதியும் மண்டைக்காட்டுக் கடற்கரையும் ஒரே நிறத்துக்குள் வந்துவிடும். கனமழை என்பது 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல். மிகக் கனமழை 115.6க்கு மேல். அதிகனமழை 204.5க்கு மேல். ஆனால் அறிக்கையில் அந்த வார்த்தைக்கு முன்னால் "ஓரிரு இடங்களில்" என்று இருக்கும். மாவட்டத்தில் இருக்கும் மழைமானிகளில் கால்வாசி இடங்களுக்குள்தான் அந்த அளவு மழை பெய்யும் என்று அதற்குப் பொருள். ஆரஞ்சு அறிவித்த நாளில் பாலமோரில் கொட்டித் தீர்த்து, மண்டைக்காட்டில் தூறலோடு நின்றால் கணிப்பு பொய்த்தது என்று சொல்லக் கூடாது. மலையில் பெய்தது சில மணி நேரத்தில் குழித்துறை ஆற்றிலும் வள்ளியாற்றிலும் நம்மைத் தேடி வரும்.

இந்த எச்சரிக்கையின் நாள் காலை எட்டரைக்கு முடிகிறது, நள்ளிரவில் இல்லை. "இன்றைக்கு ஆரஞ்சு" என்றால் நாளைக் காலை எட்டரை வரை. இரவு பன்னிரண்டுக்குப் பிறகு எச்சரிக்கை தீர்ந்துவிட்டது என்று எண்ணி, அதிகாலையில் ஆற்றோரம் போகிறவர்கள் உண்டு.

புயல் அறிக்கையின் மேல்பட்டையில் வரும் நிறம் வேறு. புயல் கரையைத் தாக்க 48 மணி நேரம் முன்பு வரும் அறிக்கைக்கு மஞ்சள், 24 மணி நேரம் முன்பு வருவதற்கு ஆரஞ்சு, கரை கடந்தபின் உள்நாட்டில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் அறிக்கைக்குச் சிவப்பு. இந்த ஏற்பாடு முழுவதும் புயல் ஒரு கரையைக் கடக்கும் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டது. ஓக்கியைப் போலக் கரைக்கு மிக அருகில் உருவாகிக் கடலோடு போகும் புயலில் இந்தப் படிகளுக்கு நேரமே கிடைப்பதில்லை. ஆகவே நம் பக்கம் வரும் சுழற்சிக்கு மேல்பட்டையின் நிறம் ஏறட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

விண்டி போன்ற செயலிகளில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் இன்னொரு வகை. அதில் தெரியும் ஊதாவும் சிவப்பும் எச்சரிக்கையே அல்ல. காற்று எவ்வளவு வேகம், மழை எவ்வளவு, அலை எவ்வளவு உயரம் என்ற அளவுகோல் மட்டும்தான். அதில் எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரே சிவப்புக்கு வேறு வேறு பொருள். கீழே ஓரத்தில் ஒரு நீண்ட நிறப்பட்டையும் எண்களும் இருக்கும். அதைப் பார்க்காமல் நிறத்தைப் பேசுவதில் பயனில்லை. இது ஒரு கணினி மாதிரி சொல்வது என்பதையும் மறக்க வேண்டாம். ஒரே செயலியில் வேறொரு மாதிரியைத் தேர்ந்தெடுத்தால், அதே புயல் இரண்டு பாகை தள்ளிப் போய் நிற்பதைப் பார்க்கலாம். ஒற்றை ஸ்கிரீன்ஷாட்டில் அந்த மாறுபாடு தெரியாது.

கடலுக்குத் தனிப் படம்

மாவட்டப் படம் பச்சையாக இருக்கும்போதே கடல் கொந்தளிக்கலாம். ஆகவே மண்டைக்காடு புதூர், கொட்டில்பாடு, குளச்சல், கடியப்பட்டணம் பக்கத்தில் இருப்பவர்கள் மீனவர் எச்சரிக்கைப் படத்தையே முதலில் பார்க்க வேண்டும். வானிலைத் துறை ஐந்து நாளுக்கு ஐந்து படம் போடுகிறது. கடலில் எச்சரிக்கை உள்ள பகுதி நிறமிட்டுக் காட்டப்பட்டிருக்கும். பக்கத்தில் காற்றின் வேகம் இரண்டு எண்களாக இருக்கும். "மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 60 கிலோமீட்டர் வேகத்திலும்" என்று தமிழில் வரும் அறிக்கையும் இதுவே. வள்ளத்தைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அந்த "இடையிடையே" வருவதுதான். எனவே இரண்டாவது எண்ணை வைத்து முடிவெடுங்கள்.

இந்தப் படத்தில் கடலின் பெயர்கள் முக்கியம். படத்தில் `COMORIN AREA` என்று இருப்பதே தமிழ் அறிக்கையின் குமரிக்கடல், நம் முற்றம். மன்னார் வளைகுடா நமக்குக் கிழக்கே. தென்கிழக்கு அரபிக்கடல், லட்சத்தீவு, மாலத்தீவுப் பகுதி என்பவை நம் ஆழ்கடல் விசைப்படகுகள் தங்கித் தொழில் செய்யும் இடங்கள். வீட்டில் இருப்பவர்கள் குமரிக்கடலை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியடையக் கூடாது. உங்கள் வீட்டு ஆள் எந்தக் கடலில் இருக்கிறாரோ அந்தப் பெயரைத் தேடுங்கள்.

ஓக்கியில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பகுதி மக்கள் இழந்ததை நினைத்தால், எந்தப் படத்துக்கும் ஒரு எல்லை இருக்கிறது என்பது நெஞ்சை அறுக்கும். நாள்கணக்கில் தங்கித் தொழில் செய்யப் போன படகுகள் பல, 28ஆம் தேதி தாழ்வுப் பகுதி உருவாவதற்கு முன்பே கரையை விட்டுப் போய்விட்டன. கைபேசிக் கோபுரம் எட்டாத தூரத்தில் இருந்தவர்களுக்கு எந்த நிறமும் எந்த எழுத்தும் போய்ச் சேரவில்லை. ஆகவே தங்கலுக்குப் போகிறவர்கள் கிளம்பும் நாளின் படத்தோடு நிற்காமல் ஐந்தாம் நாள் படம் வரை பார்த்துவிட்டுப் போக வேண்டும். செயற்கைக்கோள் தொலைபேசியோ செய்தி வாங்கும் கருவியோ படகில் வேலை செய்கிறதா என்று கரையிலேயே சோதித்துக்கொள்ள வேண்டும்.

வெயில் அடிக்கும் நாளின் அலை

கடைசியாக ஒரு எச்சரிக்கை, அதில் சுழலும் இல்லை, மேகமும் இல்லை. ஐதராபாத்தில் இருக்கும் இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், சுருக்கமாக `INCOIS`, அலைக்கான எச்சரிக்கையைத் தனியாக வெளியிடுகிறது. அதில் நம் மாவட்டத்தை "நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை" என்று குறிப்பிடுவார்கள். மண்டைக்காடு அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஊர்ப் பெயர் இல்லையே என்று தாண்டிப் போகாதீர்கள்.

2024 மே மாதத் தொடக்கத்தில் அப்படி ஓர் எச்சரிக்கை வந்தது. ஏப்ரல் 26ஐ ஒட்டித் தெற்கு அட்லாண்டிக்கில் எழுந்த அலைகள், 28ஆம் தேதி வாக்கில் தெற்கு இந்தியப் பெருங்கடலுக்குள் வந்து, மே 4 முதல் நம் கரையைத் தொடும் என்று அந்த மையம் கணித்திருந்தது. கேரளத்தில் கள்ளக்கடல் என்று சொல்வது இதைத்தான். உள்ளூரில் காற்று இல்லை, புயல் இல்லை. எந்த வானிலைப் படத்திலும் குமரி மாவட்டத்தின் மேல் கொந்தளிப்பின் அடையாளம் கிடையாது. மே 6ஆம் தேதி, கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் அலை இழுத்து ஐந்து பயிற்சி மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். அந்தக் கடற்கரை நமக்குக் கிழக்கே சிறிது தூரம்தான்.

இந்த எச்சரிக்கையில் அலையின் உயரத்தைப் பார்த்து ஏமாறுவது எளிது. ஒன்றரை மீட்டர் என்று இருந்தால், ஆனி ஆடியில் இதைவிடப் பெரிய அலையைப் பார்த்தவர்கள் நாம் என்று தோன்றும். அந்த எண்ணோடு அலைகளின் இடைவெளியையும் பாருங்கள். உள்ளூர்க் காற்று எழுப்பும் அலை ஆறேழு நொடிக்கு ஒன்றாக வரும். தூரத்திலிருந்து வரும் அலைக்கு இடைவெளி பதினைந்து நொடிக்கும் மேல். இடைவெளி நீளமாக இருந்தால், உயரம் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு அலையும் அதிக நீரைத் தள்ளிக்கொண்டு மணலில் வெகுதூரம் ஏறும். திரும்பும்போது அவ்வளவு நீரும் காலை வாரி இழுக்கும். நடுவில் கடல் அமைதியாக இருப்பதுபோலவும் தோன்றும்; அந்த நேரத்தில்தான் ஆட்கள் இறங்குகிறார்கள். விண்டி செயலியில் அலைப் பகுதியைத் திறந்து உங்கள் கரையைத் தொட்டால் உயரத்தோடு நொடிக் கணக்கும் வரும். அது 15ஐத் தாண்டியிருந்தால், உயரம் சிறிதாக இருந்தாலும் `INCOIS` எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள்.

மாசிக் கொடை நாட்களில் பகவதி அம்மன் கோவிலுக்கு வருகிறவர்கள் கடலில் கால் நனைத்துவிட்டு, குளித்துவிட்டு வருவது வழக்கம். அவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள், கேரளத்திலிருந்தும் வருகிறவர்கள். அவர்கள் கைபேசியில் தெரிவது சூரியன் குறியும் 32 பாகை வெப்பமும்தான். அந்தக் குறிக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை. கடற்கரையில் கடை வைத்திருப்பவர்களும் கோவில் தொண்டர்களும் காலையில் நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரையுள்ள அலை எச்சரிக்கையைப் பார்த்து, அது எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்பதை ஒரு பலகையில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைக்கலாம். இந்த எச்சரிக்கை பெரும்பாலும் இரவு 11.30 மணி வரை என்று முடியும். புதிய எச்சரிக்கை வந்திருக்கிறதா என்று மறுநாள் காலை பார்த்த பிறகே பலகையை அழிக்க வேண்டும்.